கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தல்: ஒரு விளம்பரத்தை வீட்டிலிருந்தே பதிவு செய்யும் முறை

சந்தை கூடும் ஊர்களில் முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கடை விளம்பரம் செய்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதே கடைகள் இப்போது முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் சிறிய வீடியோக்களைப் போடுகின்றன. திருமண வீடியோ எடுக்கும் ஸ்ரூடியோக்களே பெரும்பாலும் அவற்றைத் தயாரித்துக் கொடுக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் தமிழில் தெளிவாக வாசிக்கும் ஒரு குரல் தேவைப்படுகிறது. கையடக்கத் தொலைபேசியும் அமைதியான ஒரு மூலையும் இருந்தால் இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம்.

இது மாதச் சம்பளம் தரும் தொழில் அல்ல. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார், பாடசாலைகள் தொடங்கும் காலம் ஆகியவற்றை ஒட்டியே வேலை வரும். ஆகவே தோட்டம், தையல், கூலி வேலை ஆகியவற்றை விடாமல், அவற்றோடு சேர்த்துச் செய்வதற்கு உரியது.

கிளிநொச்சியில் உள்ள ஒரு புடவைக் கடை தீபாவளிக்கு 30 விநாடி விளம்பரம் ஒன்றைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிச் செய்து முடிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் எழுத்தைச் சரிபார்த்தல்

கடைக்காரர் தரும் எழுத்து பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். நிதானமாகவும் தெளிவாகவும் வாசித்தால் 30 விநாடிகளில் தமிழில் 40 முதல் 50 சொற்கள் வரையே சொல்ல முடியும். இலக்கங்களை எண்ணும்போது கவனமாக இருங்கள். எழுத்தில் “2,750/=” என்பது ஒரு சொல்லாகத் தெரியும். வாய்விட்டு வாசித்தால் “இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபா” என்று நான்கு சொற்களாகிவிடும். தொலைபேசி இலக்கத்தைக் கேட்பவர் எழுதிக்கொள்ளும் வேகத்தில் வாசிக்க 5 அல்லது 6 விநாடிகள் போய்விடும்.

எழுத்து 80 சொற்களாக இருந்தால் வேகமாக வாசித்து முடிக்க முயல வேண்டாம். எதையெல்லாம் விடலாம் என்று கடைக்காரரிடமே கேளுங்கள். “அன்பான வாடிக்கையாளப் பெருமக்களே”, “அனைத்து விதமான” போன்ற தொடர்களை எடுத்துவிட்டால் பொருள் குறையாது.

அடுத்ததாகச் சொற்களைப் பாருங்கள். சில எழுத்துகள் வேறு மொழியிலிருந்து மாற்றப்பட்டவையாகவோ, இந்திய விளம்பரங்களைப் பார்த்து எழுதப்பட்டவையாகவோ இருக்கும். “ரூபாய்”, “தள்ளுபடி”, “சோப்பு”, “நாற்காலி” என்று வந்தால், எங்கள் ஊரில் “ரூபா”, “விலைக்கழிவு”, “சவர்க்காரம்”, “கதிரை” என்றுதான் சொல்வோம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். “புடவை” என்பது இங்கே எல்லாத் துணிக்கும் பொதுவான சொல். தமிழ்நாட்டில் அது சேலையை மட்டும் குறிக்கும். “புடவைக்கு மட்டும் விலைக்கழிவு” என்று அங்கத்தைய பொருளில் வாசித்துவிட்டால், சாரம் வாங்க வந்தவரும் விலைக்கழிவு கேட்பார். சண்டை கடை வாசலில்தான் நடக்கும்.

தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்து திரும்பியவர்கள் உச்சரிப்பையும் ஒருமுறை கவனிக்க வேண்டும். “வெற்றி”, “முற்றம்” என்னும் சொற்களில் வரும் ‘ற்ற’ ஒலியை அங்கே வாசிப்பதற்கும் இங்கே வாசிப்பதற்கும் வேறுபாடு உண்டு. கிளிநொச்சியில் கேட்பவருக்கு அது உடனே தெரியும். இது ஒரு குறை அல்ல. உள்ளூர்க் கடைக்கு ஊர்ப் பேச்சு பொருந்தும், வேறு இடத்து வேலைக்கு மற்றப் பேச்சு உதவும். இரண்டும் வருமானால் இரண்டு மாதிரிப் பதிவுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஒலிக்கப்போகிறது என்று கேளுங்கள்

வீடியோவைப் பார்ப்பவர் தொடக்கத்திலிருந்து பார்க்கிறார். வீதியில் போகும் ஒலிபெருக்கியைக் கேட்பவரின் நிலை வேறு. முச்சக்கர வண்டி மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போனால், ஒரு விநாடியில் ஏறக்குறைய 4 மீற்றர் கடக்கும். வீட்டு வாசலுக்கு 40 மீற்றர் முன்னாலிருந்து 40 மீற்றர் பின்னால் வரை சொற்கள் தெளிவாகக் கேட்கும் என்றால், வாசலில் நிற்பவருக்குக் கிடைப்பது 20 விநாடிகள் மட்டுமே. அந்த 20 விநாடிகளும் விளம்பரத்தின் நடுப்பகுதியாக இருக்கலாம். கடையின் பெயர் முதலிலும் கடைசியிலும் மட்டும் வந்தால், அவர் பெயரைக் கேட்காமலே இருந்துவிடுவார்.

ஆகவே நமது எழுத்து இப்படி அமையலாம்:

“கிளிநொச்சி ……… புடவையகத்தில் தீபாவளி மலிவு விற்பனை! சேலை, வேட்டி, பிள்ளைகளின் உடுப்புகள் எல்லாவற்றுக்கும் பத்து முதல் இருபத்தைந்து வீதம் வரை விலைக்கழிவு. ஐயாயிரம் ரூபாவுக்கு மேல் வாங்கினால் ஒரு துவாய் இலவசம். காலை எட்டரை முதல் இரவு எட்டு மணி வரை. ……… புடவையகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். கிளிநொச்சிச் சந்தைக்கு முன்னால், ……… புடவையகம், கிளிநொச்சி.”

இது 40 சொற்களைச் சற்றுத் தாண்டும். பெயர் மூன்று இடங்களில் வருகிறது. விளம்பரம் திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது, 20 விநாடி மட்டும் கேட்பவருக்கும் பெரும்பாலும் கடையின் பெயர் ஒரு தடவையாவது காதில் விழும்.

ஒலிபெருக்கிக் குழல் அடிக்குரலைச் சரியாகத் தராது. எனவே குரலைத் தாழ்த்தி, மென்மையாகப் பேசுவது வீடியோவில் நன்றாக இருந்தாலும் வீதியில் எடுபடாது. ஒலிபெருக்கிக்குச் சற்று உயர்த்தி, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்காமல் வாசியுங்கள்.

பதிவு செய்தல்

தகரக் கூரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். பாய், மெத்தை, போர்வை, துணி நிறைந்த அலுமாரி ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். திறந்த அலுமாரியை நோக்கி நின்று, முதுகுக்குப் பின்னால் கயிற்றில் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிட்டால் போதும். மழை நேரத்தைத் தவிருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஊர் அடங்கிய இரவு நேரம் நல்லது.

தொலைபேசியில் Airplane mode என்பதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஓர் அழைப்பு வந்து பதிவைக் கெடுக்கும். பேசும் ஒலிவாங்கி பெரும்பாலான தொலைபேசிகளில் கீழ் விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பு வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் கன்னப் பக்கமாக இருக்கட்டும். கையில் பிடிக்காமல் எதன்மேலாவது நிறுத்தி வையுங்கள்.

பதிவைத் தொடங்கியதும் 5 விநாடி பேசாமல் நில்லுங்கள். பின்னணி இரைச்சலை நீக்க வீடியோ செய்பவருக்கு அந்த வெறும் சத்தம் பயன்படும். பிறகு முழுவதையும் மூன்று தடவை வாசியுங்கள். பிழை விட்டால் அந்தச் சொல்லை மட்டும் திருத்தாமல், வசனத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். ஒரு சொல்லை மட்டும் வெட்டி ஒட்டினால் தொனி மாறுவது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

முடிந்ததும் காதுக்குள் வைக்கும் ஒலிப்பானில் கேட்டுப் பாருங்கள். கிணற்றுக்குள் பேசுவது போலக் கேட்டால் துணி போதவில்லை. “புடவை”, “பத்து” போன்ற சொற்களில் ‘டப்’ என்று காற்று அடித்தால் தொலைபேசியை இன்னும் சற்றுப் பக்கமாகத் திருப்புங்கள். உரத்த இடங்களில் குரல் கரகரத்து உடைந்தால் மிக அருகில் நின்றிருக்கிறீர்கள். இந்தக் கடைசிப் பிழையை எவராலும் பின்னர் சரிசெய்ய முடியாது. ஒரு சாணைத் தாண்டி நின்று மீண்டும் பதிவு செய்ய வேண்டும்.

அனுப்புதலும் பணமும்

வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டுத் தரம் குறையும். இதை உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். முதலில் குரல் பதிவாக அனுப்பிக் கடைக்காரரின் சம்மதத்தைப் பெறுங்கள். பேசிய பணம் வந்ததும், முழுத் தரமான கோப்பை Document என்னும் தெரிவின் மூலம் அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் தரம் குறையாது. முடியுமானால் WAV வகைக் கோப்பாகவே சேமியுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் நான்கு விடயங்களை ஒரு செய்தியாக எழுதி அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை விநாடி விளம்பரம். எங்கெங்கே, எவ்வளவு காலம் ஒலிக்கும். தொகை எவ்வளவு, அதில் முற்பணம் எவ்வளவு. திருத்தம் யார் செலவில் என்பனவே அவை. நீங்கள் விட்ட பிழையை இலவசமாகத் திருத்துவது முறை. கடைக்காரர் விலையையோ திகதியையோ மாற்றினால் அது புதிய வேலை, அதற்குத் தனியாகப் பணம் பேசலாம். வீதி ஒலிபெருக்கிக்கு என்று பேசிய குரல் வானொலியிலும் ஒலித்தால், அதற்கு மேலதிகமாகக் கேட்பது நியாயம்.

வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவருக்குப் பணம் கட்ட வேண்டாம். மாதிரிக்கு என்று முழு விளம்பரத்தையும் வாசித்துத் தரச் சொன்னால் இரண்டு வசனம் மட்டும் வாசித்து அனுப்புங்கள்.

குரலைக் கொடுக்குமுன்

விளம்பரத்தில் சொல்லப்படுவது கடையின் வார்த்தை என்றாலும், ஊரவர் அடையாளம் காண்பது உங்கள் குரலைத்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் வந்தால், அந்த முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். அதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்து உறுதி செய்யலாம். இலக்கம் தராதவருக்குக் குரல் கொடுக்க வேண்டாம். உங்கள் குரலை நம்பி அயலவர் ஒருவர் நகையை அடகு வைத்துப் பணம் கட்டக்கூடும். கடன் தரும் விளம்பரங்களில் வட்டி வீதத்தை மட்டும் மிக வேகமாக வாசிக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி பெறுவது விளம்பரம் செய்பவரின் பொறுப்பு. அதையும் அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். அதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை. குரலை மட்டும் கொடுங்கள்.

ஒவ்வொரு வேலையின் எழுத்தையும் கோப்பையும் கடையின் பெயர், திகதி என்பவற்றோடு சேமித்து வையுங்கள். எந்த மூலையில், எவ்வளவு தூரத்தில் நின்று பதிவு செய்தீர்கள் என்பதையும் கொப்பியில் குறித்துவையுங்கள். தைப்பொங்கலுக்கு அதே கடைக்காரர் இரண்டு வசனத்தை மட்டும் மாற்றித் தரச் சொன்னால், அதே இடத்தில் அதே தூரத்தில் நின்று வாசித்தால்தான் புதிய வசனம் பழைய குரலோடு ஒட்டும்.