ஆடித் தள்ளுபடியில் கடைக்காரர் எதுவரை இறங்கலாம்?

800 ரூபாய்க்கு வாங்கிய சேலை. அட்டையில் 1,250. வாங்கிய விலையில் 20 சதவீதமாவது லாபம் நிற்க வேண்டும். எத்தனை சதவீதம் தள்ளலாம்?

விலையைச் சுமார் 56 சதவீதம் ஏற்றியிருக்கிறோம், 20 போனால் 36 தள்ளலாம் என்று தோன்றுகிறதா? தள்ளிப் பாருங்கள். 450 ரூபாய் குறைந்து, சேலை வாங்கிய விலைக்கே போய்விடும். லாபம் எங்கே?

லாபத்தைக் குழந்தையின் சாணாலும் தள்ளுபடியைப் பெரியவரின் சாணாலும் அளந்ததுதான் கோளாறு. லாபத்தில் ஒரு சதவீதம் என்பது 800-இல் 8 ரூபாய். தள்ளுபடியில் அதே ஒரு சதவீதம் 1,250-இல் பன்னிரண்டரை ரூபாய். இரண்டையும் நேராகக் கழிக்க முடியாது.

அதனால் சதவீதத்தை விட்டு ரூபாய்க்கு வாருங்கள். 800-உடன் 160 லாபம் சேர்த்தால் 960. அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அட்டை விலைக்கும் அதற்கும் இடைவெளி 290. அதைப் பன்னிரண்டரையால் வகுத்தால் 23.2 வரும்.

ஆகவே பலகையில் 23 சதவீதம் என்று துணிந்து எழுதலாம், சேலை 962.50-க்குப் போகும். 24 என்றால் 950தான், லாபம் 20-ஐத் தொடாது.

அட்டை விலைக்குள் ஜிஎஸ்டி அடங்கியிருந்தால், முதலில் அதைக் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். வரி கடைக்காரரின் பணம் அல்ல.