இயர்போனில் இருக்கும் குரல் போனில் எங்கே போகிறது?

ஒரே வீடியோவை இருவர் பார்க்கிறார்கள். "பாட்டு மட்டும்தான் கேட்குது, பேச்சே இல்லையே" என்கிறார் ஒருவர். "எனக்கு நல்லாத்தானே கேட்குது" என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மை. முதலாமவர் ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட விலை குறைந்த போனை மேசையில் சாய்த்து வைத்துப் பார்க்கிறார். இரண்டாமவர் இயர்போன் மாட்டியிருக்கிறார். ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய விபத்து. பெரும்பாலும் குற்றவாளி ஒரு கேபிள்தான்.

மேடைகளில் பயன்படும் எக்ஸ்எல்ஆர் மைக் ஒரே குரலை இரண்டு கம்பிகளில் அனுப்பும். இரண்டாவது கம்பியில் போவது முதல் கம்பியில் போவதற்கு நேர் எதிரானது: அங்கே ஏற்றம் என்றால் இங்கே இறக்கம். வழியில் நுழையும் மின் இரைச்சலைக் கழித்துவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த மைக்கைச் சாதாரண மாற்று கேபிள் ஒன்றின் வழியே கேமராவின் 3.5 மி.மீ. துளையில் செருகும்போது சிக்கல் தொடங்குகிறது. கேமராவுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. முதல் கம்பியை இடது காதுக்கும் இரண்டாவதை வலது காதுக்கும் உரிய ஒலியாகப் பதிந்துகொள்கிறது.

இயர்போனில் இடது வலதைச் சேராது. இரண்டு காதிலும் குரல் விழும். ஒற்றை ஸ்பீக்கர் போனோ இரண்டையும் கூட்டி ஒன்றாக்கியே ஒலிக்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் கூடினால் பூஜ்யம். குரல் மறைந்துவிடும். எடிட்டிங்கில் பிறகு சேர்த்த இசைக்கு அந்தக் கோளாறு இல்லாததால் அது மட்டும் தெளிவாகக் கேட்கும். சிறிய புளூடூத் ஸ்பீக்கர்களிலும் இதேதான் நடக்கும்.

இயர்போனிலேயே இதற்கு ஓர் அடையாளம் உண்டு. நேராகப் பேசுகிறவரின் குரல் தலைக்கு நடுவில் உட்காராமல், எங்கோ இரு பக்கமும் பரவி, உள்ளீடற்றதுபோல் கேட்கும். அப்படித் தோன்றினால் எடிட்டிங் செயலியில் மோனோ பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்த்தால் போதும். குரல் தேய்ந்தால் சந்தேகம் உறுதி. மருந்து எளிது. இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் அந்த ஒலித்தடத்தின் பட்டியலில் Split Stereo to Mono என்பதைத் தேர்ந்தெடுத்து, பிரிந்து வரும் இரண்டில் ஒன்றை நீக்கிவிடலாம். மிஞ்சும் ஒன்று நடுவில் நின்று எல்லாக் கருவியிலும் கேட்கும்.

இதற்குத் தலைகீழான கோளாறும் உண்டு. சட்டையில் குத்தும் மைக் சில சமயம் இடது பக்கத்தில் மட்டும் பதிவாகிவிடும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இது தெரியவே தெரியாது. குரல் கொஞ்சம் சன்னமாகக் கேட்கும், அவ்வளவுதான். இயர்போனில் கேட்பவருக்கோ பேசுகிறவர் இடது காதுக்குள் நுழைந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆக, ஒரு கருவி காட்டிக்கொடுக்கும் குறையை இன்னொன்று மறைக்கிறது. ஒன்றில் மட்டும் கேட்டு ஒலியைக் கலப்பவர் பாதிப் பிழைகளைக் கேட்காமலே விட்டுவிடுவார்.

அடுத்தது அடித்தட்டு ஒலியின் கதை. போனின் ஸ்பீக்கர் விரல் நகத்தளவு. அவ்வளவு சிறிய தகடு அதிகக் காற்றைத் தள்ள முடியாது. ஒலி எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு அதிகக் காற்றைத் தள்ளியாக வேண்டும். அதனால் பல போன்களில் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகச் சரிந்துவிடுகிறது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். கணக்குப்படி பார்த்தால் போனில் அது ஒலிக்கவே இல்லை. ஆனாலும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்கிறதே, எப்படி?

100 ஹெர்ட்ஸில் அதிரும் குரலோடு 200, 300, 400, 500 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. மேலே உள்ள மடங்குகள் மட்டும் காதுக்கு வந்தாலும், அவற்றின் இடைவெளி 100 என்பதைப் பிடித்துக்கொண்டு, அடியில் இல்லாததை மூளை நிரப்பிக்கொள்கிறது. பழைய தரைவழித் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதிலும் யாரும் ஆளை மாற்றிப் புரிந்துகொள்ளவில்லை.

இதே தந்திரத்தை இசைக்கும் பயன்படுத்தலாம். மிருதங்கத்தின் வலந்தலை போனில் கணீரென்று வரும்; தொப்பியின் கும்கி காணாமல் போகும். அடித்தட்டை இன்னும் ஏற்றினால் சரியாகும் என்று பலர் ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸைத் தூக்குகிறார்கள். ஸ்பீக்கரால் தர முடியாததை எவ்வளவு தூக்கினாலும் போனில் வராது. இயர்போனில்தான் காது அடைக்கும். அதற்குப் பதில் சாச்சுரேஷன் என்னும் விளைவை அந்தத் தடத்தில் மட்டும் இலேசாகச் சேர்த்தால், தாழ்ந்த ஒலியிலிருந்து மேல் மடங்குகள் பிறக்கும். போன் அவற்றை ஒலிக்கும். மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இயர்போனில் கரகரப்பாக வெளிப்படும். அங்கே கரகரப்பு தெரியத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துவது வழக்கம்.

போனில் கேட்காத அடித்தட்டு, கேட்காமலேயே கெடுதலும் செய்யும். வீடியோவின் மொத்த ஒலிக்கும் கடைசியில் லிமிட்டர் போடுவார்கள். ஒலி எல்லை மீறும்போதெல்லாம் அது மொத்தத்தையும் அமுக்கும். இசையில் 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒன்று பலமாக விழும்போது லிமிட்டர் பேச்சையும் சேர்த்தே அமுக்குகிறது. இயர்போனில் அடி விழுந்தது கேட்பதால் காரணம் புரியும். போனில் அடி கேட்காது, குரல் மட்டும் தாளத்துக்குத் தகுந்தபடி உள்வாங்கும். இதைத் தவிர்க்கப் பேச்சுத் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும்; மின்விசிறியின் உறுமலும் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அதோடு பெருமளவு போகும். இசையின் பேஸை, லிமிட்டருக்குப் போகுமுன்பே குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு சமையல் வீடியோவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் விளக்குகிறார், வாணலியில் கடுகு தாளிக்கிறது, பின்னால் புல்லாங்குழல் இசை. இயர்போனில் எல்லாம் தனித்தனியாக, அழகாக இருக்கிறது. போனில் சொற்கள் புரியவில்லை. ஒலியைக் கூட்டினாலும் புரியவில்லை.

அடித்தட்டு போய்விட்ட பிறகு மிஞ்சியிருக்கும் குறுகிய இடத்துக்குள் குரல், குழல், தாளிப்பு மூன்றும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இடம் வலம் என்ற பிரிவும் இல்லை. தமிழ்ப் பேச்சில் ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவதற்கான தடயங்களில் முக்கியமானவை 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. குழலின் மேல் மடங்குகளும் அங்கேதான். தாளிப்பின் சீற்றமோ அதற்கும் மேலே பரந்து கிடந்து, ச, த போன்ற ஒலிகளை விழுங்குகிறது.

எனவே வேலையைக் குரலிலிருந்து தொடங்க வேண்டும். மற்ற எல்லாத் தடங்களையும் அணைத்துவிட்டு, போனில் குரல் மட்டும் தெளிவாகும்வரை அதைச் சரிசெய்ய வேண்டும். முணுமுணுப்புக்கும் சத்தமான சொல்லுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கம்ப்ரெஸரால் 4 முதல் 6 டெசிபல் வரை குறைக்கலாம். 2500 ஹெர்ட்ஸ் அருகே 2 டெசிபல் தூக்கினால் சொற்கள் முன்னே வரும். பிறகு இசையைக் கொண்டுவரும்போது, அதே 2500 ஹெர்ட்ஸ் அருகே இசையில் 3, 4 டெசிபல் குழி பறித்துவிட்டால் குரலுக்கு இடம் கிடைக்கும். தாளிப்பை அதன் கணத்தில் முழுதாக விட்டுவிட்டு, பேச்சு தொடங்கியதும் இறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை. அந்த இரண்டு நொடி பேசாமல் இருப்பதே மேல்.

இசை எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும்? இணையத்தில் எல்லோரும் எளிதில் அணுகுவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் மிகக் கடுமையான நிலை, பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கேட்பவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சத்தமாகத் தோன்றும் அளவு அது. கலப்பவருக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். அவர் அந்தப் பேச்சைப் பலமுறை கேட்டு மனப்பாடம் செய்துவிட்டவர். இசை எவ்வளவு மூடினாலும் அவருக்குச் சொல் புரியும். முதன்முறை கேட்கிறவரின் நிலை அதுவல்ல. பேச்சு நடக்கும்போது இந்த 20 டெசிபலைக் கடைப்பிடித்து, பேச்சு நின்றதும் இசையை மெல்ல ஏற்றிக்கொள்வது நியாயமான வழி.

மொத்த சத்தத்துக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் அலகு எல்யூஎஃப்எஸ். யூடியூப் -14 எல்யூஎஃப்எஸ் அளவைவிடச் சத்தமான வீடியோவைத் தானே இறக்கிவிடுகிறது. சன்னமானதைப் பொதுவாக ஏற்றுவதில்லை. ஆகவே மிகையாகச் சத்தம் வைப்பதில் லாபமில்லை, மிகவும் தாழ்த்தி வைத்தால் போன்காரர் ஒலியை உச்சத்தில் வைத்தும் கேட்காமல் தவிப்பார். -14க்கும் -16க்கும் இடையில் வைப்பது இரண்டு ஆபத்தையும் தவிர்க்கும். வெளியான வீடியோவில் Stats for nerds என்பதைத் திறந்தால் content loudness என்று ஓர் எண் தெரியும். அது கூட்டல் எண்ணாக இருந்தால் யூடியூப் அவ்வளவு டெசிபல் இறக்கியிருக்கிறது. கழித்தல் 6 என்றிருந்தால் வீடியோ அந்த அளவுக்குச் சன்னமாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகுதான் இயர்போனுக்குத் திரும்ப வேண்டும், அதுவும் வேறொரு வேலைக்காக. வெட்டி ஒட்டிய இடங்களில் மின்விசிறி ஓசை சட்டென்று நின்று மீண்டும் வருகிறதா, இரைச்சல் நீக்கம் அளவு மிஞ்சிக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டதா, ச ஓசை ஊசியாகக் குத்துகிறதா என்பவை எல்லாம் போனில் தெரியாதவை. பேசாத நேரத்தில் அந்த அறையின் வெறும் ஓசையை அரை நிமிடம் பதிந்து வைத்திருந்தால், வெட்டிய இடங்களுக்கு அடியில் அதை விரித்து முதல் குறையை மறைத்துவிடலாம்.

சிறிய ஸ்பீக்கரில் சோதிப்பது போனோடு பிறந்த பழக்கம் அல்ல. ஒரு ஜாண்கூட இல்லாத மரப்பெட்டியில் ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட ஆராடோன், ஸ்டுடியோக்களில் பல ஆண்டுகள் இருந்தது. மைக்கேல் ஜாக்சனின் 1982ஆம் ஆண்டு ஆல்பமான 'த்ரில்லர்'-ஐக் கலந்த புரூஸ் ஸ்வீடியன் அதை விரும்பிப் பயன்படுத்தியவர்.

வீட்டில் இருப்பதிலேயே மலிவான போனை எடுத்து, பாதி ஒலியில், மின்விசிறி ஓடும் அறையில், கை நீள தூரத்தில் வைத்து வீடியோவைத் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். முடிந்தால் அந்தப் பேச்சை இதுவரை கேட்டிராத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். வெளியிடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒருமுறை ஏற்றிய வீடியோ கோப்பை எடுத்துவிட்டு, அதே முகவரியில் வேறு கோப்பை வைக்க யூடியூப் அனுமதிப்பதில்லை.