ஃப்ளைட் இறங்கியாச்சு, ஆவடிக்கு எப்படிப் போறது?

சென்னை ஏர்போர்ட் இருப்பது மீனம்பாக்கத்தில். நம்ம ஏரியா அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. மேப்பில் பார்த்தால் பக்கம்தான். ஆனால் மெட்ரோ அந்தப் பக்கம் நேராகப் போகாது. அதனால் பேகை எடுப்பதற்கு முன் மணியைப் பாருங்க. எதில் போவது என்பதை முடிவு பண்ணுவது அதுதான்.

பகல் என்றால் மெட்ரோ. ஆவடி, அம்பத்தூர் ஆட்கள் நீல லைனில் ஏறினால் மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து லோக்கல் ட்ரெயின். கிழக்கே போய் மறுபடி மேற்கே திரும்புவதால் சுத்துதான், ஆனால் டிராஃபிக் கிடையாது, செலவும் ரொம்பக் கம்மி. பூந்தமல்லிக்கு ஆலந்தூரில் பச்சை லைனுக்கு மாறி, கோயம்பேட்டில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

இப்போ ராத்திரி கணக்கு. ஒன்பதரைக்கு லேண்டிங், போக வேண்டியது ஆவடி என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டில் பேக் வந்து, மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே பத்தே கால் ஆகிவிடும். மெட்ரோ பதினொன்று வரை ஓடும், அதனால் ஏறிவிடலாம். ஆனால் சென்ட்ரலில் இறங்கும்போது மணி பதினொன்று. அந்த நேரத்தில் லோக்கல் ரொம்பக் கம்மி. விட்டுட்டா அங்கிருந்து கேப்தான். மெட்ரோவில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போயிடும். அதனால் மெட்ரோவோட கடைசி வண்டியை மட்டும் பார்த்தால் போதாது, அதுக்கு அடுத்து நாம ஏற வேண்டிய வண்டியையும் பார்க்கணும். ஒன்பது மணிக்கு மேல் இறங்கினால் நேரா ஏர்போர்ட்டிலிருந்தே காரில் போவது நல்லது.

அந்தக் கார் ஆப்பிலா, ப்ரீபெய்டிலா? ஆப் கேப் டெர்மினல் வாசலுக்கு வராது, மல்டிலெவல் பார்க்கிங் வரை பேகோடு நடக்கணும். டிரைவர் போன் பண்ணி "எங்க போகணும்?" என்பார். ஆவடி என்றதும் கேன்சல் ஆகலாம், ஏன்னா அங்கிருந்து அவருக்கு ரிட்டர்ன் சவாரி கிடைப்பது கஷ்டம். ப்ரீபெய்டில் இந்தப் பிரச்சினை இல்லை. கவுன்டரில் இடத்தைச் சொல்லிக் காசு கட்டி ஸ்லிப் வாங்கினால் ரேட் முடிஞ்சது. அதனால் முதலில் ஆப்பில் ரேட் பாருங்க, பிறகு கவுன்டரில் கேளுங்க. வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் ப்ரீபெய்டே எடுங்க. பைபாஸ் டோல் ரேட்டில் சேருமா என்று கேட்டுக்கோங்க. ஸ்லிப்பை வீட்டு வாசலில் இறங்கும் வரை கையிலேயே வச்சிருங்க.

ஹோட்டல் பிக்கப் நமக்கு இல்லை, சிம்போசியத்துக்கு வரும் கெஸ்ட்டுக்குத்தான். அவர் நடுராத்திரியில் இறங்கினால், ஊரும் புதுசு என்றால், அதுதான் சரி. புக் பண்ணும்போது ஃப்ளைட் நம்பரைக் கொடுங்க. லேட்டானால் வெயிட்டிங் சார்ஜ் உண்டா, பார்க்கிங் காசு யார் கட்டுவது என்று மெசேஜிலேயே கேட்டு வாங்கிக்கோங்க. வாயால் பேசியது பில்லில் இருக்காது.