கண்டறிய இயலாத தீநுண்மி

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏஆர்டி மையத்திலிருந்து திரும்பும் ஒருவரது பரிசோதனைச் சீட்டில் 'தீநுண்மி கண்டறியப்படவில்லை' என்று இருப்பதாகக் கொள்வோம். அதை அவர் இருவிதமாகப் பிழையாகப் புரிந்துகொள்ளக்கூடும். நோய் தீர்ந்தது என்று மாத்திரையை நிறுத்திவிடலாம். அல்லது, தன்னால் மனைவிக்குத் தொற்றும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது என்று அஞ்சி ஒதுங்கி வாழலாம். இரண்டுமே தவறு.

எச்.ஐ.வி. குறிவைப்பது 'சிடி4' எனப்படும் வெள்ளையணுக்களை. கிருமி நுழைந்ததும் மற்ற எதிர்ப்பு அணுக்களைத் தூண்டி ஏவுபவை இவையே. தீநுண்மி அந்த அணுவுக்குள் புகுந்து, தன் மரபுக் குறிப்பை டிஎன்ஏ வடிவுக்கு மாற்றி, அணுவின் மரபணுவோடு பிணைத்துவிடுகிறது. பிறகு அந்த அணுவே தீநுண்மித் தொழிற்சாலையாகி அழிகிறது. நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டிய இவ்வணுக்கள் 200-க்குக் கீழே சரியும்போது காசநோய் போன்றவை எளிதில் பற்றிக்கொள்கின்றன. எய்ட்ஸ் என்பது அந்த நிலை.

1987-இல் முதல் மருந்தான சிடோவுடின் வந்தபோது எழுந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி தீநுண்மிகள் பிறக்கின்றன. ஏறத்தாழ 10,000 எழுத்துகள் கொண்ட தன் மரபுக் குறிப்பைப் படியெடுக்கும்போது எச்.ஐ.வி. அடிக்கடி பிழை செய்கிறது. அப்பிழைகளில் ஏதோ ஒன்று மருந்துக்கு அடங்காத தீநுண்மியை உருவாக்கிவிடும். லாமிவுடினைச் செயலிழக்கச் செய்ய ஓர் எழுத்து மாறினாலே போதும். ஆனால், ஒரே தீநுண்மியில் மூன்று மருந்துகளுக்கும் எதிரான மாற்றங்கள் ஒருங்கே நிகழ்வது மிக மிக அரிது. 1996 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டு மருந்தின் அடிப்படை இதுதான்.

இன்று நம் அரசு மையங்களில் பெரும்பாலோருக்கு இலவசமாக வழங்கப்படுவது டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. முதலிரண்டும் டிஎன்ஏ உருவாகும் சங்கிலியில் போலிக் கண்ணிகளாக நுழைந்து அதை அறுக்கின்றன. மூன்றாவது, அந்த டிஎன்ஏ அணுவின் மரபணுவோடு பிணைவதைத் தடுக்கிறது.

ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் ஒரு லட்சம் தீநுண்மிகளுடன் சிகிச்சை தொடங்கியவருக்கும் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் அவ்வெண்ணிக்கை 50-க்குக் கீழே இறங்கிவிடும். அதற்கும் குறைந்தால் வழக்கமான கருவியால் எண்ண இயலாது. ஆனால், மருந்து எட்டாத ஓரிடம் உண்டு. உறங்கும் சிடி4 அணுக்களின் மரபணுவில் முன்பே பிணைந்துவிட்ட தீநுண்மியை இம்மருந்துகள் அகற்றுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே எண்ணிக்கை மீண்டும் ஏறுகிறது. எனவே, கண்டறிய இயலாமை குணமாதல் அன்று.

இரண்டாவது அச்சத்துக்கு விடை கண்ட ஆய்வில் சென்னைக்கும் பங்குண்டு. 'எச்பிடிஎன் 052' என்ற அந்த ஆய்வு, சென்னை, புணே உள்ளிட்ட இடங்களில், ஒன்பது நாடுகளில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையரைத் தொடர்ந்து கண்காணித்தது. உடனே சிகிச்சை பெற்றவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் வெளியான இறுதி முடிவு இன்னும் தெளிவானது. சிகிச்சை தொடங்கிய பின் துணைக்குத் தொற்றியது எட்டே நிகழ்வுகளில். அவையும் தீநுண்மி அடங்குவதற்கு முன்போ, சிகிச்சை தோற்ற பின்போ நிகழ்ந்தவை. நிலையாக அடங்கியிருந்த காலத்தில் ஒருவருக்கும் தொற்றவில்லை. (தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கும் வீடுகளுக்கு இந்த ஆய்வுகூடத் தேவையில்லை, அவ்வழியில் எச்.ஐ.வி. ஒருபோதும் பரவுவதில்லை.)

இந்த உறுதி உடலுறவுக்கு மட்டுமே பொருந்தும். ஊசியைப் பகிர்வதற்குப் பொருந்தாது. தாய்ப்பாலில் ஆபத்து பெரிதும் குறைகிறதே தவிர, முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கூற இயலாது.

ஆழ்கடலுக்குச் செல்லும் இம்மாவட்ட மீனவர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். முப்பது நாள் மாத்திரையோடு புறப்பட்டவரின் விசைப்படகு நாற்பதாம் நாள் கரை திரும்பினால், பத்து நாள் இடைவெளி விழுந்துவிடும். மருந்துகள் ஒரே வேகத்தில் உடலைவிட்டு நீங்குவதில்லை. கடைசியாகத் தங்கும் மருந்து தனித்து நிற்கும் அந்த நாள்களே, அடங்காத தீநுண்மி தலைதூக்க ஏற்றவை. எனவே, பயண நாள்களை மையத்தில் முன்கூட்டியே கூறிக் கூடுதல் மாத்திரை பெறுவது, மருந்தைப் போலவே சிகிச்சையின் பகுதி.

இடைவெளி விழுந்ததா என்பதை உடல் சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். சிகிச்சை தொடங்கிய ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் தீநுண்மி எண்ணிக்கை பார்க்கப்படுகிறது. ஆயிரத்தைத் தாண்டினால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. முதலில் மாத்திரை தவறியது ஏன் என்று ஆற்றுப்படுத்துநர் கேட்டறிவார். மூன்று மாதம் ஒழுங்காக உட்கொண்ட பின் மறுபரிசோதனை. அப்போதும் இறங்காவிட்டால்தான் இரண்டாம் நிலை மருந்து.