கையில் வந்த கமிஷனும் கணக்கில் வர வேண்டிய கமிஷனும்

காப்பீட்டு முகவர் ஒருவர் ரிட்டர்ன் தாக்கல் செய்து, ரீஃபண்ட் வரும் என்று காத்திருக்கிறார். வருவதோ பிரிவு 139(9)-ன் கீழ் ஒரு நோட்டீஸ். ‘நீங்கள் உரிமை கோரியிருக்கும் டி.டி.எஸ். எந்த வருமானத்தில் பிடிக்கப்பட்டதோ, அந்த வருமானம் ரிட்டர்னில் முழுமையாகக் காட்டப்படவில்லை. எனவே ரிட்டர்ன் குறைபாடுடையது’ என்பது அதன் சாரம். பதில் தர 15 நாள். கேட்டால் அவகாசம் நீட்டித்துத் தரலாம். பதிலே தராவிட்டால் அந்த ரிட்டர்ன் செல்லாததாகிவிடும். தாக்கலே செய்யாதவர் நிலைதான் அவருக்கு.

இப்படி நோட்டீஸ் வாங்குகிறவர்களில் பலர் எதையும் மறைத்தவர்கள் அல்ல. வங்கி பாஸ்புக்கில் கமிஷன் என்று வந்த வரவுகளைக் கூட்டி, அந்தத் தொகையையே வருமானமாகப் போட்டுவிட்டார்கள். டி.டி.எஸ். தொகையை மட்டும் 26ஏஎஸ் படிவத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரே ரிட்டர்னில் இரண்டு வெவ்வேறு கணக்குகள் கலந்துவிட்டன. சிக்கலின் வேர் இதுதான்.

காப்பீட்டு நிறுவனம் பிரிவு 194டி-யின் கீழ் வரி பிடிக்கிறது. கமிஷனை முகவரின் பெயரில் தன் புத்தகத்தில் வரவு வைக்கும் நாள், பணம் கொடுக்கும் நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ, அன்றே பிடித்தாக வேண்டும். 2024–25 நிதியாண்டில், ஆண்டுக் கமிஷன் 15,000 ரூபாயைத் தாண்டிய தனிநபர்களுக்கு இந்த வரி 5 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் விகிதம் 2 சதவீதமாகக் குறைந்தது. வரம்பும் 20,000 ரூபாயானது. நிறுவனம் காலாண்டுதோறும் இந்த விவரத்தை வரித்துறைக்கு அனுப்புகிறது. அதுவே 26ஏஎஸ்-இலும், ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.-இலும் தெரிகிறது. அங்கே இருப்பது எந்தப் பிடித்தமும் போவதற்கு முந்தைய முழுக் கமிஷன்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு முகவரின் 2024–25-க்கான 26ஏஎஸ்-இல் கமிஷன் 6,40,000 ரூபாய், டி.டி.எஸ். 32,000 ரூபாய் என்று இருக்கிறது. அவர் ரிட்டர்னில் காட்டியது, வங்கிக்கு வந்த 5,53,000. கோரிய டி.டி.எஸ். முழு 32,000. வித்தியாசம் 87,000 ரூபாய். இது எங்கே போனது?

இதற்கு விடை நிறுவனம் மாதந்தோறும் தரும் கமிஷன் பட்டியலில் இருக்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான பட்டியல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மொத்தக் கமிஷன், வரி, மற்றப் பிடித்தங்கள், வங்கிக்குப் போன தொகை என்று நான்கு பத்தி எழுத வேண்டும். எழுதியதும் முதல் துண்டு கிடைத்துவிடுகிறது: வரியாகப் போன 32,000. இரண்டாவது, நிறுவனத்திடம் வாங்கிய வாகன முன்பணத்துக்காக மாதம் 3,000 வீதம் பிடித்த 36,000. கடனைத்தான் திருப்பிக் கட்டியிருக்கிறார். கமிஷன் அதனால் குறையவில்லை.

மீதி 19,000. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 2025 மார்ச் கமிஷன் 60,000 ரூபாயை நிறுவனம் மார்ச் 31 அன்று வரவு வைத்து 3,000 வரி பிடித்தது. மீதி 57,000 வங்கிக்கு வந்தது ஏப்ரலில். அதேபோல முந்தைய ஆண்டின் மார்ச் கமிஷன் 40,000-இல் 2,000 போக 38,000 ரூபாய், 2024 ஏப்ரலில் வந்து இந்த ஆண்டு பாஸ்புக்கில் உட்கார்ந்திருக்கிறது. 57,000-இலிருந்து 38,000 போனால் 19,000. மூன்றையும் கூட்டினால் சரியாக 87,000. வித்தியாசம் முழுவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

‘சரி, 6,40,000 என்று திருத்திவிடலாம்’ என்று உடனே கிளம்பக் கூடாது. முதலில் போன ஆண்டு ரிட்டர்னைப் பார்க்க வேண்டும். வரவு வைத்த நாளை வைத்துக் கணக்கு எழுதுகிறவர் என்றால், 40,000-ஐப் போன ஆண்டே காட்டியிருப்பார். இந்த ஆண்டு 6,40,000 சரி, 32,000 டி.டி.எஸ். சரி. நம் முகவரோ பணம் கைக்கு வந்த நாளை வைத்தே எப்போதும் எழுதிவருகிறார். போன ஆண்டு அந்த 40,000-ஐ அவர் காட்டவில்லை. இப்போது 26ஏஎஸ் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்த 40,000 எந்த ஆண்டிலும் வரிக்கு வராமல் நழுவிவிடும். நோட்டீசுக்குப் பயந்து செய்யும் திருத்தமே ஒரு புதிய தவறாகிவிடும்.

அவருடைய முறைப்படி வருமானம் 6,20,000: அதாவது 26ஏஎஸ் தொகையில் அடுத்த ஆண்டுக்குரிய 60,000-ஐக் கழித்து, இந்த ஆண்டு கைக்கு வந்த 40,000-ஐக் கூட்டியது. வரியும் வருமானத்தோடு சேர்ந்தே நகர வேண்டும் என்பது விதி 37பிஏ சொல்வது. எந்த ஆண்டில் வருமானம் கணக்குக்கு வருகிறதோ, அந்த ஆண்டில்தான் அதற்குரிய டி.டி.எஸ். கோரலாம். 60,000-க்கு உரிய 3,000-ஐ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஐ.டி.ஆர்.-3 படிவத்தின் டி.டி.எஸ். அட்டவணையில் இதற்கென்றே பத்திகள் உள்ளன: முந்தைய ஆண்டிலிருந்து வந்த வரி, இந்த ஆண்டு பிடித்த வரி, இப்போது கோருவது, அதற்கான வருமானம், அடுத்த ஆண்டுக்குப் போவது. 40,000-க்கு உரிய 2,000-ஐப் போன ஆண்டு ரிட்டர்னில் முறையாக முன்கொண்டுவந்திருந்தால் இந்த ஆண்டு கோரலாம். மொத்தம் 31,000 ஆகும். போன ஆண்டே கோரிவிட்டிருந்தால், இப்போது 29,000 மட்டுமே.

முறையை ஆண்டுக்கொரு தரம் மாற்றுவது ஆபத்து. எது வழக்கமோ அதையே தொடர்ந்து பின்பற்ற வேண்டும்.

பெட்ரோல், போன், அலுவலக வாடகை போன்ற செலவுகளை மொத்தக் கமிஷனைக் காட்டிய பிறகு, லாப நட்டக் கணக்கில்தான் கழிக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு முதல் பிரீமியத்தில் ‘விட்டுக்கொடுத்த’ தொகையைக் கமிஷனிலேயே குறைத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அந்தத் தள்ளுபடியையே தடைசெய்கிறது. சட்டம் தடுத்த செலவை வருமான வரியில் கழிக்கவும் முடியாது. கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி என்னும் உத்தேச வருமான முறையும் கிடையாது. அதனால் ஐ.டி.ஆர்.-4 போட்டு எளிதாக முடித்துவிடலாம் என்ற ஆலோசனையை நம்ப வேண்டாம்.

கணக்கு இப்படி நேரான பிறகுதான் இணையதளத்தில் பதில். குறைபாட்டை ஏற்பதாகக் குறித்து, திருத்திய ரிட்டர்னை அந்த நோட்டீசுக்குப் பதிலாகவே பதிவேற்ற வேண்டும். பாஸ்புக் நகலை வைத்துக்கொண்டு ‘ஏற்கவில்லை’ என்று குறிப்பது பயன் தராது. வங்கி வரவு எவ்வளவு என்பது அங்கே கேள்வியே இல்லை.

சில நேரம் தவறு நிறுவனத்தின் பக்கமும் இருக்கும். மாதப் பட்டியலில் ஒரு முறை வந்த கமிஷன் 26ஏஎஸ்-இல் இரு முறை பதிவாகியிருக்கலாம். பாலிசி ரத்தாகி, நிறுவனம் திரும்பப் பிடித்துக்கொண்ட கமிஷன் அங்கே குறையாமல் நிற்கலாம். ஒவ்வொரு வரியிலும் டி.டி.எஸ்.-ஐத் தொகையால் வகுத்துப் பாருங்கள். 2024–25-இல் 5 சதவீதத்துக்குப் பதில் 20 வந்தால், பான் எண் நிறுவனத்திடம் பதிவாகாமலோ, ஆதாரோடு இணைக்காததால் செயலிழந்தோ இருக்கலாம். பிழையான பதிவென்றால் ஏ.ஐ.எஸ்.-இல் அந்தத் தகவலுக்கு எதிரே மறுப்பைப் பதிவுசெய்து, நிறுவனத்தின் கிளைக்கும் மாதப் பட்டியல் நகலோடு எழுத்தில் கேட்க வேண்டும். 26ஏஎஸ்-ஐ வரித்துறை தானாக மாற்றாது. நிறுவனம் தன் காலாண்டு அறிக்கையைத் திருத்தினால்தான் அது மாறும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், நோட்டீஸ் வந்த அன்றே கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பெற்றதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொண்டு, இணையதளத்தில் அவகாசமும் கேட்டுவிடுவது நல்லது.