19.9 சதவீதம்: ஒரே ஒப்பந்தம், இரண்டு வாசிப்பு

2009 டிசம்பரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகனும் ஜப்பானின் சுசுகியும் கைகோத்தபோது, கார் உலகில் இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை என்றே பலரும் நினைத்தார்கள். ஃபோக்ஸ்வேகனிடம் டீசல், ஹைபிரிட் தொழில்நுட்பம் இருந்தது. சுசுகியிடம் சிறிய காரை மலிவாகச் செய்யும் வித்தை இருந்தது. அதோடு மாருதி வழியாக இந்தியச் சந்தையில் ஏறத்தாழ பாதியும் இருந்தது. சுசுகியின் 19.9 சதவீதப் பங்கை ஃபோக்ஸ்வேகன் சுமார் 1.7 பில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சுசுகியும் ஃபோக்ஸ்வேகனின் பங்குகளை வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் உறவு முறிந்து, விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போனது. இருவரும் சேர்ந்து ஒரு கார்கூடச் செய்யவில்லை.

இந்த முறிவுக்கு எந்தப் பக்கத்திலும் மோசடி காரணமில்லை. ஒரே ஒப்பந்தத்தை இரண்டு நாட்டார் இரண்டு விதமாகப் படித்ததுதான் காரணம்.

அந்த 19.9 என்ற எண்ணே ஒரு செய்தியைத் தாங்கி நின்றது. ஒரு நிறுவனத்தில் 20 சதவீதப் பங்கைத் தொட்டுவிட்டால், அதன் முடிவுகளில் குறிப்பிடத்தக்க செல்வாக்கு இருப்பதாகக் கணக்கியல் விதிகள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. லாப நஷ்டத்தில் தன் பங்கையும் முதலீட்டாளர் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். சுசுகி அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. நாங்கள் உங்களுக்குச் சமம், உங்கள் குடைக்குக் கீழே வந்தவர்கள் அல்ல என்பதை வாயால் சொல்லாமல் எண்ணால் சொன்ன ஏற்பாடு அது.

அந்தச் செய்தி ஜெர்மனியில் அதே அழுத்தத்தோடு போய்ச் சேரவில்லை. 2011 மார்ச்சில் வெளியான ஃபோக்ஸ்வேகனின் ஆண்டறிக்கை, தன் செல்வாக்குக்கு உட்பட்ட இணை நிறுவனங்களின் வரிசையில் சுசுகியையும் சேர்த்தது. எழுதியவர்களுக்கு அது கணக்கு வகைப்பாடு. ஆடி, ஸ்கோடா, சியட் என்று பல பிராண்டுகளை ஒரே தலைமையின் கீழ் வைத்து நடத்தும் குழுமத்துக்கு அப்படி எழுதுவதில் உறுத்தலும் இருந்திராது. ஹமமட்சு நகரில் இருந்த சுசுகியின் தலைமையகத்தில் அது அவமதிப்பாக விழுந்தது. அங்கே 1978 முதல் தலைமையில் இருந்தவர் ஒசாமு சுசுகி. தன்னை ஒரு சின்னக் கம்பெனிக் கிழவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். 81 வயதில் இருந்த அவருக்கு நிறுவனத்தின் சுயேச்சை உயிர்மூச்சு.

இத்தகைய மனத்தாங்கலை ஜப்பானிய நிறுவனங்கள் எதிராளியின் முகத்துக்கு நேரே, எல்லோர் முன்னிலும் சொல்வது அரிது. அங்கே எந்த முடிவும் கூட்டத்தில் பிறப்பதில்லை. ஒரு யோசனை கூட்டத்துக்கு வரும் முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி, ஆட்சேபணைகளைத் தீர்த்துவிடுவார்கள். பிறகு ஒரு சுற்றறிக்கை மேசை மேசையாகப் போய் முத்திரைகளைச் சேர்த்துக்கொண்டு வரும். கூட்டம் என்பது ஏற்கெனவே எடுத்த முடிவுக்கான சடங்குதான். இந்த முறையில் மறுப்பு என்பது உரக்க ஒலிப்பதில்லை. பதில் தள்ளிப்போகும், கேள்விகள் பொதுப்படையாகும், மூத்த அதிகாரி கூட்டத்துக்கு வராமல் இருப்பார். பழகியவர்கள் இதை உடனே படித்துவிடுவார்கள். கூட்டத்திலேயே குறைகளை அடுக்கி, மோதி, வெளியே வந்து சேர்ந்து சாப்பிடும் வழக்கம் உள்ள ஜெர்மானியர் இந்த மௌனத்தைச் சம்மதம் என்றோ இழுத்தடிப்பு என்றோ எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அடுத்த அடி டீசல் எஞ்சினில் விழுந்தது. ஹங்கேரி தொழிற்சாலையில் செய்யும் காருக்காக ஃபியட்டிடம் 1.6 லிட்டர் எஞ்சின் வாங்க சுசுகி 2011-ல் ஒப்புக்கொண்டது. ஃபியட்டோடு அதற்கு முன்பே நல்ல பழக்கம் இருந்தது. மாருதி ஸ்விஃப்டின் டீசல் எஞ்சினே ஃபியட் வடிவமைப்புதான். ஃபோக்ஸ்வேகன் இதை ஒப்பந்த மீறல் என்று செப்டம்பரில் பகிரங்கமாக அறிவித்தது. உள்ளறையில் சொல்லியிருந்தால் பேசித் தீர்ந்திருக்கக்கூடும். ஊரறியச் சொன்னதும் சுசுகிக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. குற்றச்சாட்டைத் திரும்பப் பெறும்படி கேட்டது, உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது, நவம்பரில் சர்வதேச வர்த்தக சபையின் நடுவர் மன்றத்துக்குப் போனது. அந்த வழக்கு லண்டனில் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் நடந்தது. 2015 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, சுசுகி விலகியது செல்லும், பங்குகளை ஃபோக்ஸ்வேகன் விற்றாக வேண்டும் என்றது. டீசல் எஞ்சின் விஷயத்தில் சுசுகியும் ஒப்பந்தத்தை மீறியதாகச் சொன்னது. ஆக, ஜெர்மானியரின் புகார் வெறும் கோபமல்ல, அதில் நியாயமும் இருந்தது. தன் பங்குகளைத் திரும்ப வாங்க சுசுகி சுமார் 460 பில்லியன் யென் செலவிட வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு ஜப்பானியர் இப்படி, வெள்ளைக்காரர் அப்படி என்று முடிவு கட்டுவது தவறாகிவிடும். சுசுகியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1981-லேயே பங்கு வாங்கியது. பின்னாளில் அந்தப் பங்கு 20 சதவீதத்தைத் தொட்டது. அதாவது ஃபோக்ஸ்வேகனின் பங்கைவிடச் சற்று அதிகம். அப்படியும் சண்டை வரவில்லை. 2008-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கடைசிப் பங்கை விற்றதும் தன் பணமுடையால்தான். ஜெனரல் மோட்டார்ஸ் சுசுகியைச் சுசுகியாகவே இருக்க விட்டது. நேரடியாகப் பேசுவதில் அமெரிக்கர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். பேச்சின் தோரணையைவிட, எதிராளியை எந்தப் படியில் உட்கார வைக்கிறோம் என்பதுதான் இங்கே எடைகூடியது.

இந்தியாவோடு சுசுகி நடத்திய பேரமும் இதற்குச் சாட்சி. 1980-களின் தொடக்கத்தில் இந்திய அரசின் மாருதி குழு கூட்டாளி தேடிப் பல கார் நிறுவனங்களின் வாசல் ஏறியது. பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் மரியாதைக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கீழ்நிலை அதிகாரிகளிடம் பேச்சை விட்டார்கள். ஒசாமு சுசுகி தானே உட்கார்ந்து பேசினார். பதவிக்கு மதிப்புக் கொடுத்துப் பழகிய இந்திய அதிகாரிகளுக்கு, எதிரே இருப்பவர் முடிவெடுக்கக்கூடியவர் என்பது பெரிய நம்பிக்கை தந்தது. 1982 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுசுகிக்கு 26 சதவீதப் பங்கு. அடுத்த ஆண்டு டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி வாடிக்கையாளரிடம் கொடுத்தார்.

அந்த உறவிலும் பூசல் இல்லாமல் இல்லை. 1997-ல் மாருதிக்கு யார் நிர்வாக இயக்குநர் என்பதில் அரசும் சுசுகியும் மோதிக்கொண்டன. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அப்போதும் சண்டை பணத்தைப் பற்றியதல்ல, தன்னைக் கேட்காமல் தலைவரை நியமித்ததைப் பற்றியது. அடுத்த ஆண்டே இரு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டன. அதற்குள் இரு தரப்பும் 15 ஆண்டுகளாகச் சேர்ந்து தொழில் நடத்தியிருந்தன. ஃபோக்ஸ்வேகனோடு அப்படிச் சேர்ந்து நடந்த காலம் என்று எதுவும் இருக்கவில்லை.

ஃபோக்ஸ்வேகனிடமிருந்து விடுபட்ட மறு ஆண்டு, 2016-ல், சுசுகி டொயோட்டாவோடு பேச்சைத் தொடங்கியது. இந்த முறை பங்கில் யாரும் அவசரப்படவில்லை. முதலில் பேச்சு, 2017-ல் புரிந்துணர்வு, பிறகு சேர்ந்து வேலை. மாருதியின் பலேனோ, டொயோட்டா கிளான்ஸா என்ற பெயரில் 2019 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதற்கும் பிறகு, ஆகஸ்டில்தான் பங்குப் பரிமாற்றம் அறிவிக்கப்பட்டது. சுசுகியில் டொயோட்டா எடுக்க ஒப்புக்கொண்ட பங்கு ஐந்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.