பேருந்து நேரம் மாறினால், வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது எப்படி?

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்யும் எங்கள் அக்கா ஒருவருக்குக் காலை 6 மணிக்கு வேலை. முன்பு 5.22 பேருந்தில் ஏறினால் 5.52க்கு வாசலில் நிற்பார். புதிய அட்டவணையில் முதல் பேருந்தே 5.41க்குத்தான். அதில் போனால் 6.11 ஆகிவிடும்.

ஒரு கிழமை பிந்திப் பிந்திப் போய், ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டார். நம்மவர்கள் பலரும் செய்வது இதைத்தான். ஆனால் சுப்பவைசரின் பதிவேட்டில் அது வெறும் தாமதமாகவே ஏறும். பேருந்து மாறியது அவருக்கு எப்படித் தெரியும்? அட்டவணை மாறப்போகிறது என்று அறிந்த அன்றே சொல்லிவிட வேண்டும்.

அக்கா முதலில் 6.15 கேட்க நினைத்தார். வேண்டாம் என்றோம். பேருந்து ஐந்து நிமிடம் பிந்தினாலே அதுவும் தவறிவிடும். கேட்டு வாங்கிய நேரத்துக்கும் பிந்தினால் பிறகு வாய் திறக்க முடியாது. ஆகவே 6.20 கேட்டார். முடிக்கும் நேரத்தையும் 2 மணியிலிருந்து 2.20க்குத் தள்ளினார். மணித்தியாலமும் சம்பளமும் குறையவில்லை. ஞாயிறு அட்டவணை வேறு என்பதால் அதையும் தனியாகப் பார்த்தார்.

சுப்பவைசருக்கு உண்மையில் கவலை அந்த இருபது நிமிடம் யார் தேநீர் வைப்பது என்பதுதான். இரவு வேலை முடிக்கும் ஒருவர் நின்று உதவ ஒப்புக்கொண்டதை அக்கா முதலே கேட்டுவைத்திருந்தார். பழைய, புதிய அட்டவணைகளின் படங்களையும் காட்டினார். நான்கு கிழமை செய்து பார்ப்போம் என்று பதில் வந்தது.

வாய்ப்பேச்சில் முடியாவிட்டால் எழுத்தில் கேட்கலாம். 2024 ஏப்ரல் 6 முதல், வட அயர்லாந்து தவிர்ந்த பிரித்தானியாவில், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. 12 மாதத்தில் இரண்டு தடவை கேட்கலாம். கடிதத்தில் திகதி, இது சட்டப்படியான கோரிக்கை என்ற வசனம், வேண்டிய மாற்றம், அது தொடங்க வேண்டிய நாள், முன்பு கேட்டிருந்தால் அது எப்போது என்பவை இருக்க வேண்டும். மறுப்பதற்கு முன் முதலாளி உங்களோடு கலந்து பேச வேண்டும். மேன்முறையீடு உட்பட இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், கூடுதல் செலவு போன்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். ஏஜென்சி ஊடாக வேலை செய்வோருக்குப் பொதுவாக இந்த உரிமை இல்லை, அவர்களுக்கு வாய்ப்பேச்சுத்தான் வழி.

ஒன்றைக் கவனியுங்கள்: இப்படிக் கேட்டுக் கிடைத்த மாற்றம், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், ஒப்பந்தத்தில் நிரந்தரமாகிவிடும். பழைய பேருந்து திரும்பி வந்தாலும் 6 மணி தானாகத் திரும்பாது. அக்கா வாய்ப்பேச்சோடு நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் பேசியதை அன்றிரவே மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதி சுப்பவைசருக்கு அனுப்பிவைத்தார்.